பக்கத்து சீட்டுக்காரருக்கும் ஒரு முழுக்கதை இருக்கு... 'சாண்டர்'னா என்ன தெரியுமா?

சென்னையிலிருந்து திருச்சி பக்கம் ராத்திரி பஸ்ல போனவங்களுக்கு இந்தக் காட்சி ரொம்பப் பழக்கம். திண்டிவனம் தாண்டியாச்சு, விழுப்புரம் இன்னும் வரலை. ஹைவேயை ஒட்டி ஒரு வீடு. வாசல்ல டியூப்லைட் எரியுது. ஒரு அம்மா குடத்தைத் தூக்கிட்டு உள்ளே போறாங்க. ரெண்டே செகண்ட்தான், பஸ் தாண்டிடும். ஆனா, 'இந்நேரத்துல எதுக்கு முழிச்சிருக்காங்க? யாராவது வரணுமா?'னு சம்பந்தமே இல்லாம ஒரு யோசனை வரும். கூடவே நெஞ்சுக்குள்ள லேசா ஒரு கனம்.

அந்தக் கனத்துக்கு ஒரு பேர் இருக்கு. 'சாண்டர்'. ஆங்கிலத்துல sonder. கொஞ்ச வருஷமாகவே ரீல்ஸ்லயும் ஸ்டேட்டஸ்லயும் இந்த வார்த்தை சுத்திட்டு இருக்கு. ஜன்னலோர சீட், மழைத்துளி, பின்னாடி ஒரு சோகப் பியானோ, நடுவுல இந்த ஒரு வார்த்தை. நீங்களும் பார்த்திருப்பீங்க.

அர்த்தம் இதுதான்: நம்மைக் கடந்து போற, பேர்கூடத் தெரியாத ஒவ்வொரு ஆளும், நம்ம வாழ்க்கை மாதிரியே நெருக்கமும் சிக்கலும் நிறைஞ்ச ஒரு முழு வாழ்க்கையை வாழ்ந்துட்டு இருக்காங்கன்னு திடீர்னு உறைக்கிற அந்தக் கணம். அவங்களுக்கும் கடன் இருக்கு, ஆசை இருக்கு, வீட்டுல யாரோடயோ பேச்சுவார்த்தை இல்ல, ஒரு பாட்டைக் கேட்டா யாரோ ஞாபகத்துக்கு வர்றாங்க. அந்தக் கதை முழுக்க நமக்குத் தெரியாமலே நடந்துட்டு இருக்கு. அந்தக் கதையில நமக்கு ஒரே ஒரு சீன்தான். அதுவும் வசனமே இல்லாம, ரோட்டுல போற ஒரு பஸ்ஸோட ஜன்னல்ல தெரியற ஒரு முகமா.

கடைசியா சொன்ன இந்தப் பகுதியைத்தான் ரீல்ஸ் போடுறவங்க நிறைய பேர் விட்டுடுறாங்க. அடுத்தவங்களைப் பார்த்துப் பரிதாபப்படுறது சாண்டர் இல்லை. நாமளும் அடுத்தவங்க படத்துல கூட்டத்துல ஒருத்தர்தான்னு புரியணும். வார்த்தையோட உயிரே அங்கதான் இருக்கு.

அகராதிக்காரர் ஒருத்தர் செஞ்ச வார்த்தை

இது பழைய வார்த்தை இல்லை. ஜான் கோனிக்னு ஒரு அமெரிக்கர். 2009-ல் ஒரு வெப்சைட் ஆரம்பிச்சார். நமக்கெல்லாம் அடிக்கடி வர்ற, ஆனா எந்த அகராதியிலயும் பேர் இல்லாத உணர்வுகளுக்குப் பேர் வைக்கிறதுதான் அதோட வேலை. சுலபமா விளங்காத சோகங்களோட அகராதின்னு அதுக்குப் பேர் வச்சார். 2012-ல் அதுல வந்த வார்த்தைதான் சாண்டர். 2021-ல் மொத்தமும் புத்தகமாகவே வந்துடுச்சு.

சும்மா வாய்க்கு வந்த சத்தத்தை எல்லாம் அவர் வார்த்தையாக்கலை. ஒவ்வொண்ணுக்கும் ஒரு வேரைத் தேடிப் பிடிப்பார். பிரெஞ்சுல சாண்டர் மாதிரியே எழுதுற ஒரு வினைச்சொல் இருக்கு. கடல்ல கயித்துல குண்டு கட்டி இறக்கி ஆழம் பார்ப்பாங்களே, அந்த ஆழம் பார்க்கிற வேலைக்கான சொல் அது. ஜெர்மன்ல அதே எழுத்துகளுக்குத் 'தனியான, சிறப்பான'னு அர்த்தம். ரெண்டையும் சேர்த்துப் பாருங்க: ஒவ்வொருத்தரும் தனி, ஒவ்வொருத்தருக்கும் ஆழம் இருக்கு. வார்த்தைக்குள்ளயே விளக்கத்தை ஒளிச்சு வச்சிருக்கார் மனுஷன்.

அவர் செஞ்ச வார்த்தைகள்ல 'அனிமோயா'ன்னு இன்னொண்ணும் பிரபலம். நாம வாழாத காலத்துக்காக ஏங்குறது. 2004-ல் பிறந்துட்டு, 'எண்பதுகள்ல பிறந்திருக்கணும்'னு இளையராஜா பாட்டுக்குக் கீழே கமென்ட் போடுறவங்களுக்கு உதவும். ஆனா சாண்டர் அளவுக்கு வேற எதுவும் ஊரைச் சுத்தலை. டெசராக்ட்னு ஒரு பிரிட்டிஷ் இசைக்குழு 2018-லயும், ஐரிஷ் பாடகர் டெர்மட் கென்னடி 2022-லயும் தங்களோட ஆல்பத்துக்கே இந்தப் பேரை வச்சாங்க. பத்தே வருஷத்துல ஒரு ஆளோட சொந்தத் தயாரிப்பு பொதுச்சொத்து ஆகிடுச்சு.

வார்த்தை வர்றதுக்கு முன்னாடியே விழுப்புரத்துல நடந்தது

இந்த வார்த்தை பிறக்கறதுக்கு முந்தின வருஷமே, தமிழ்ல ஒரு படம் சாண்டரை முழுசா செஞ்சு காட்டிடுச்சு. அதுவும் விழுப்புரத்தை வச்சு. 2011 செப்டம்பர்ல வந்த 'எங்கேயும் எப்போதும்'. இயக்கம் எம்.சரவணன். ஜெய், அஞ்சலி, சர்வானந்த், அனன்யா நடிச்சாங்க. ஓடிடியில பார்க்காதவங்க இந்தப் பத்தியை அப்புறமா படிச்சாலும் தப்பில்லை. ஆனா படத்தோட மொத்த ரகசியமும் முதல் சீன்லயே உடைஞ்சுடும், அதனால ஸ்பாய்லர் பயம் அதிகம் வேண்டாம்.

படம் ஆரம்பிக்கிறதே விபத்துலதான். சென்னையிலிருந்து திருச்சிக்குப் போற ஒரு பஸ், திருச்சியிலிருந்து சென்னைக்கு வர்ற ஒரு பஸ், விழுப்புரம் பக்கத்துல ஹைவேயில நேருக்கு நேர் மோதுது. அந்த நேரத்துல நமக்கு அதுல யாரையும் தெரியாது. மோதல் பயங்கரமா இருக்கு, அதிர்ச்சியா இருக்கு, ஆனா அழுகை வரலை. டி.வி நியூஸ் பார்க்கிற மாதிரிதான் பார்க்கிறோம்.

அப்புறம் கதை பின்னாடி போகுது. ரெண்டு பஸ்ஸும் கிளம்புற நேரத்துக்கு. ரெண்டு காதல் கதைகள்தான் மெயின். ஆனா சரவணன் மெயின் கதையோட நிறுத்தலை. பஸ்ல ஏறுற மத்தவங்களையும் ஒவ்வொருத்தரா நமக்கு அறிமுகப்படுத்துறார். புதுசா கல்யாணமான ஒரு ஜோடி. வெளிநாட்டு வேலையிலிருந்து மகளைப் பார்க்கத் திரும்பி வர்ற ஒரு அப்பா. ஒரு வார்த்தை பேசாம கண்ணாலயே பழகிட்டு வர்ற காலேஜ் பையனும் பொண்ணும். ஒவ்வொருத்தருக்கும் மிஞ்சிப் போனா சில நிமிஷம்தான் திரையில கிடைக்கும். ஆனா அந்தச் சில நிமிஷத்துல, 'இவங்களுக்கு இந்தப் பயணத்தோட மறுமுனையில யாரோ காத்திருக்காங்க'ங்கிறது மட்டும் நமக்குத் தெளிவாத் தெரிஞ்சுடும்.

கடைசியில அதே விபத்து திரும்ப வருது. அதே இடம், அதே ரெண்டு பஸ். முதல் தடவை அதிர்ச்சி மட்டும் கொடுத்த அந்த சீன், ரெண்டாவது தடவை தாங்க முடியாததா ஆகிடுது. நடந்தது மாறலை. உள்ளே இருக்கிறவங்க யாருன்னு நமக்குத் தெரிஞ்சுடுச்சு, அவ்வளவுதான் வித்தியாசம். இந்த ரெண்டு பார்வைக்கும் நடுவுல உள்ள இடைவெளிதான் சாண்டர். கோனிக் ஒரு வார்த்தையில சொன்னதை இந்தப் படம் ரெண்டு மணி நேரத்துல சொல்லுது.

இந்த ரூட்ல வாழ்றவங்களுக்கு இது வெறும் சினிமா விஷயம் இல்லை. 'திண்டிவனம் அருகே விபத்து: 3 பேர் பலி', 'விக்கிரவாண்டி அருகே லாரி மோதி...' இப்படி ஆரம்பிக்கிற செய்திகளை எத்தனை தடவை கட்டைவிரலால மேல தள்ளியிருப்போம்? எண்ணிக்கை ஒற்றை இலக்கத்துல இருந்தா முழுச் செய்தியைக்கூடத் திறக்கிறதில்லை. படத்தோட முதல் சீனைப் பார்த்த நிலையிலேயே நாம நின்னுடுறோம். அதுக்கு நம்மளை ரொம்பத் திட்டிக்கவும் வேண்டாம். வர்ற ஒவ்வொரு செய்திக்கும் ரெண்டாவது சீன் அளவுக்கு மனசு கலங்கினா, மனுஷன் காலையில எழுந்து வேலைக்குப் போக முடியாது. மனசு பெரும்பாலான நேரம் அடுத்தவங்களை 'கூட்டம்'னு சுருக்கி வச்சுக்கிறதே தப்பிக்கத்தான். சாண்டர்ங்கிறது அந்தச் சுருக்கம் ஒரு நிமிஷம் அவிழ்ந்து விழறது.

படத்துல ஒரே ஒரு குறை சொல்லலாம். அதுக்கு ஒரு விபத்து தேவைப்படுது. சாவு வந்தாதான் அடுத்தவங்க வாழ்க்கை கண்ணுக்குத் தெரியுது. சாண்டருக்கு அந்த மாதிரி எதுவும் தேவையில்லை. எதுவுமே நடக்காத ஒரு சாதா செவ்வாய்க்கிழமை, டீக்கடையில ஒருத்தர் சில்லறை எண்ணுறதைப் பார்த்தாலே அது வந்துடும்.

நெஞ்சு ஏன் கனக்குது?

யோசிச்சா இதுல புதுசா ஒரு தகவலும் இல்லை. அடுத்தவங்களுக்கும் மனசு இருக்கு, அதுல நமக்குத் தெரியாத எண்ணங்கள் ஓடும்ங்கிறதை நாலு வயசு வாக்குலயே குழந்தைங்க பிடிச்சுடுதுங்க. ஆனா தெரிஞ்சு வச்சிருக்கிறது வேற, உறைக்கிறது வேற. எல்லாரும் ஒருநாள் சாவோம்னு எல்லாருக்கும் தெரியும். ஆனா என்னிக்கோ ஒருநாள் ராத்திரி படுத்திருக்கும்போதுதான் அது சட்டுனு உறைக்கும், இல்லையா? அந்த மாதிரி.

உறைக்கும்போது ரெண்டு விஷயம் ஒரே நேரத்துல நடக்குது. ஒண்ணு, நாம சின்னதாகிடுறோம். நம்ம வாழ்க்கையை நாம எப்பவும் ஹீரோ இடத்துல நின்னுதான் பார்க்கிறோம். வேற வழியும் இல்லை, கண்ணு ரெண்டும் நம்ம முகத்துலதானே இருக்கு! சாண்டர் வர்ற நிமிஷத்துல அந்த நாற்காலி ஆடுது. விழுப்புரம் ஜங்ஷன் பிளாட்பாரத்துல நின்னு பார்த்தா இது நல்லாப் புரியும். சென்னை, திருச்சி, மயிலாடுதுறை, புதுச்சேரி, காட்பாடின்னு அஞ்சு பக்கம் பாதை பிரியற ஸ்டேஷன் அது. ஒரே நேரத்துல அஞ்சு திசைக்குப் போறவங்க ஒரே பெஞ்சுல உட்கார்ந்து ஒரே வடையைச் சாப்பிடுவாங்க. அதுல நீங்க போற திசைதான் முக்கியமான திசைன்னு சொல்ல உங்ககிட்ட ஒரு காரணமும் இல்லை.

ஆச்சர்யம் என்னன்னா, இப்படிச் சின்னதாகிறது பல பேருக்கு வலியா இல்லாம நிம்மதியா இருக்கு. அதுக்கு ஒரு காரணம் இருக்கு. அமெரிக்காவுல கார்னெல் பல்கலைக்கழகத்துல தாமஸ் கிலோவிச்னு ஒரு உளவியல் பேராசிரியர். அவரும் அவரோட குழுவும் 2000-ல் வெளியிட்ட ஒரு ஆய்வு ரொம்பப் பிரபலம். ஒரு மாணவரைக் கூப்பிட்டு, பேரி மேனிலோங்கிற பாடகரோட முகம் பெருசா அச்சடிச்ச டி-ஷர்ட்டைப் போட்டுக்கச் சொன்னாங்க. அன்னிக்கு காலேஜ் பசங்க மத்தியில அதைப் போட்டுட்டு நடந்தா மானம் போயிடும்ங்கிற நிலைமை. அதைப் போட்டுக்கிட்டு, மத்த மாணவர்கள் உட்கார்ந்திருக்கிற ரூமுக்குள்ள போகணும். வெளியே வந்ததும், 'எத்தனை பேர் உன் டி-ஷர்ட்ல யார் இருந்தாங்கன்னு கவனிச்சிருப்பாங்க?'னு கேட்டாங்க. கிட்டத்தட்ட பாதிப் பேர்னு சொன்னாங்க. நிஜத்துல கவனிச்சது கால்வாசிப் பேர்தான்.

நம்ம மேல விழுறதா நாம நினைக்கிற வெளிச்சத்துல பாதி, நாமளே கற்பனையில போட்டுக்கிட்டது. ஏன்னா அந்த ரூம்ல இருந்த ஒவ்வொருத்தருக்கும் அவங்கவங்க டி-ஷர்ட் பத்தின கவலை. சாண்டர் வரும்போது இது ஆய்வுக்கட்டுரை இல்லாமலே புரிஞ்சுடுது. இன்டர்வியூல உளறினது, கல்யாண மண்டபத்துல சாம்பார் கொட்டினது, இதையெல்லாம் அடுத்தவங்க சாயங்காலமே மறந்திருப்பாங்க. அவங்களுக்கு அவங்க படம் ஓடிட்டு இருக்கு.

ரெண்டாவது விஷயம்தான் சோகம். அவ்வளவு கதைகள் பக்கத்துலயே நடக்குது, அதுல ஒண்ணுகூட நமக்குத் தெரியப்போறதில்லை. ஹைவே வீட்டு அம்மா குடத்தை எடுத்துட்டு உள்ளே போனதுக்கப்புறம் என்ன நடந்ததுன்னு எந்தக் காலத்துலயும் தெரிய வழியில்லை. தொடர்கதையில ஒரே ஒரு பக்கத்தைக் கிழிச்சுக் கையில கொடுத்த மாதிரி.

இந்த இடத்துல திண்டிவனத்துக்காரங்களும் விழுப்புரத்துக்காரங்களும் கொஞ்சம் சிரிச்சுக்குவாங்க. தென்மாவட்டத்துக்குப் போற எல்லாருக்கும் இவங்க ஊர் ஒரு போர்டு, ஒரு பைபாஸ், பத்து நிமிஷ டீ ஸ்டாப். பொங்கல், தீபாவளி சமயத்துல டிராஃபிக் அப்டேட்ல வர்ற பேர். 'விழுப்புரம் தாண்டிட்டேன்'னு வீட்டுக்கு மெசேஜ் போடத்தான் விழுப்புரம் இருக்குன்னு நினைக்கிறவங்க நிறைய. ஆனா அந்த ஊர்ல படிச்சு, காதலிச்சு, வட்டி கட்டி வாழ்ற ஒருத்தருக்கு, ராத்திரி லைட் எரிய எரியக் கடந்து போற பஸ்தான் பின்னணிக் காட்சி. அந்த ஜன்னல்ல தூங்கி வழியுற முகம்தான் 'யாரோ ஒருத்தர்'. பாலத்து மேல சைக்கிளை நிறுத்திட்டு ஒரு பையன் உங்க பஸ்ஸைப் பார்த்து, 'இவங்க எல்லாம் எங்க போறாங்க?'னு யோசிச்சிருக்கலாம்.

கற்பனை எங்க தப்பாகும்?

இதுவரைக்கும் நல்லா இருக்கு. ஆனா இந்த வார்த்தையைப் பயன்படுத்துறவங்க ஒரு இடத்துல அடிக்கடி சறுக்குறாங்க. ஒரு உதாரணத்தோட பார்ப்போம்.

காலை நேரம், திண்டிவனத்திலிருந்து விழுப்புரத்துக்கு பஸ். சுமார் 40 கிலோமீட்டர்தான். ஏறக்குறைய ஒரு மணி நேரம் ஆகும். முன் சீட்ல ஒரு வயசான அம்மா. மடியில பெரிய எக்ஸ்ரே கவர். முண்டியம்பாக்கத்துக்கு டிக்கெட் வாங்குறாங்க. விழுப்புரம் அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி இருக்கிற ஊர் அது. உங்க மனசு உடனே கதையை எழுத ஆரம்பிச்சுடும். 'பாவம், உடம்புக்கு என்னவோ. கூட வரக்கூட ஆள் இல்ல. பிள்ளைங்க கைவிட்டுட்டாங்க போல...' கண்ணுல லேசா தண்ணிகூட வரும். சாண்டர்!

இப்ப நீங்க கேட்டீங்கன்னு வச்சுக்குவோம்.

"ஆஸ்பத்திரிக்காம்மா? உடம்புக்கு என்ன?"

"எனக்கு ஒண்ணும் இல்லப்பா. மருமவளுக்கு நேத்துதான் பிரசவம். பொண்ணு பொறந்திருக்கு. இது போன வருஷம் எனக்குக் கை எடுத்த எக்ஸ்ரே கவரு. கெட்டியா இருக்குதேன்னு ஆதார், ரேஷன் கார்டு எல்லாம் இதுலதான் வச்சிருக்கறேன்."

நீங்க எழுதின சோகக் கதை மொத்தமும் காலி. பாட்டியானதோட பூரிப்புல போயிட்டு இருக்காங்க அந்த அம்மா.

இது வேடிக்கைக்காகச் சொன்ன உதாரணம்தான். ஆனா இதைச் சோதிச்சே பார்த்திருக்காங்க. தால் எயால், மேரி ஸ்டெஃபல், நிக்கோலஸ் எப்லின்னு மூணு ஆய்வாளர்கள் 2018-ல் 25 சோதனைகளோட முடிவுகளை வெளியிட்டாங்க. 'அடுத்தவங்க இடத்துல உங்களை வச்சுப் பாருங்க'ன்னு சொன்னா, அவங்க மனசுல என்ன ஓடுதுங்கிறதை மக்கள் இன்னும் சரியாக் கண்டுபிடிக்கிறாங்களா? இல்லை. கற்பனை பண்ணிப் பார்த்ததால துல்லியம் கூடலை. என்ன செஞ்சா கூடுச்சுன்னா, நேரா அவங்ககிட்டயே கேட்டுத் தெரிஞ்சுக்கிட்டா. கேட்கும்போது ரொம்பச் சாதாரணமாத் தெரியுது. ஆனா அடுத்தவங்க இடத்துல நின்னு பார்த்துட்டேன், எனக்குப் புரிஞ்சுடுச்சுன்னு எத்தனை சண்டையில சொல்லியிருப்போம்!

சாண்டரோட எல்லை இதுதான். அந்த அம்மாவுக்கு ஒரு முழுக்கதை இருக்குன்னு அது சொல்லும். அந்தக் கதை என்னன்னு அதுக்குத் தெரியாது. இந்தக் கோடு அழிஞ்சா, உணர்வு பரிதாபமா மாறிடும். எப்படிக் கண்டுபிடிக்கிறதுன்னா, உங்க கற்பனையில வர்ற முகம் தெரியாத ஆட்கள் எல்லாருமே எப்பவும் ஏழையா, தனியா, சோகமா இருந்தா சந்தேகப்படுங்க. நிஜ வாழ்க்கையில பாதிப் பேர் பஸ்ல உட்கார்ந்து கிரிக்கெட் ஸ்கோரையும், ராத்திரிக்கு என்ன குழம்புங்கிறதையும்தான் யோசிச்சுட்டு இருப்பாங்க. அதுவும் முழு வாழ்க்கைதான்.

ரீல்ஸ் விஷயத்துல எனக்குக் கொஞ்சம் காட்டமாகவே கருத்து இருக்கு. பஸ் ஸ்டாண்டுல தூங்குற ஒருத்தரை அவருக்குத் தெரியாமலே வீடியோ எடுத்து, பின்னாடி வயலினைப் போட்டு, மேல 'சாண்டர்'னு எழுதுறாங்க. அவருக்கும் உங்களை மாதிரியே ஒரு வாழ்க்கை இருக்குன்னு நிஜமாவே உறைச்சிருந்தா, உங்களைத் தூங்கும்போது யாராவது எடுத்துப் போட்டா எப்படி இருக்கும்னும் உறைச்சிருக்கணுமே! அவரை மறுபடியும் பின்னணி நடிகராக்கிட்டு, அதுக்கு இந்த வார்த்தையையே பேரா வைக்கிறது கொஞ்சம் ஓவர்.

அப்போ எல்லார்கிட்டயும் பேசிடலாமா? மேல சொன்ன எப்லியும் ஜூலியானா ஷ்ரோடரும் சிகாகோவுல தினம் ரயில்ல வேலைக்குப் போறவங்களை வச்சு 2014-ல் ஒரு ஆய்வு வெளியிட்டாங்க. சிலரைப் பக்கத்துல இருக்கிற முன்பின் தெரியாத ஆள்கிட்ட பேசச் சொன்னாங்க. சிலரைத் தனியா இருக்கச் சொன்னாங்க. மத்தவங்க வழக்கம்போல. பேசுறதுதான் இருக்கிறதுலயே கடுப்பா இருக்கும்னு மக்கள் கணிச்சாங்க. ஆனா பேசினவங்களுக்குத்தான் பயணம் இனிமையா இருந்திருக்கு. நம்ம ஊர் பாசஞ்சர் ரயிலுக்கு இதை அப்படியே எடுத்துட்டு வர முடியாது. இங்க பெரியவங்க ரெண்டு ஸ்டேஷன் தாண்டறதுக்குள்ள ஊர், பேர், சம்பளம் வரைக்கும் கேட்டு முடிச்சிருப்பாங்க. தனியாப் பயணம் பண்ற ஒரு பொண்ணுக்கு, பக்கத்து சீட்டு ஆள் பேச்சுக் கொடுத்தா இனிமையாத்தான் இருக்கும்னும் சொல்லிட முடியாது. ஹெட்போன் பல நேரம் ஒரு கதவு. அதை அவங்க மூடி வச்சிருந்தா, அதுவும் அவங்க கதையோட ஒரு பகுதிதான்.

தமிழ்ல என்ன சொல்றது?

நேரடியா ஒரு சொல் இல்லை. கிட்ட வர்ற சொலவடை 'வீட்டுக்கு வீடு வாசப்படி'. எல்லார் வீட்டுலயும் தாண்டித்தான் ஆகவேண்டிய ஒரு மேடு இருக்கு. ஆனா நாம அதைச் சொல்ற நேரத்தைக் கவனிங்க. யாராவது தன் கஷ்டத்தைச் சொல்லி முடிச்சதும், தட்டிக்கொடுத்து ஆறுதலாச் சொல்றது அது. அதுல கஷ்டம் மட்டும்தான் இருக்கு. சாண்டர்ல அடுத்தவங்களோட கஷ்டம், குஷி, கிறுக்குத்தனம் எல்லாமே சேர்த்தி. தவிர, வாசப்படி நமக்குத் தெரிஞ்ச வீட்டைப் பத்தினது. சாண்டர் தெரியாத வீட்டைப் பத்தினது.

இன்னொண்ணு, எறும்புக்கும் அதோட கையால அளந்தா எட்டு சாண் உடம்புதான்னு பெரியவங்க சொல்வாங்க. எனக்கு இதுதான் இன்னும் பொருத்தமாப்படுது. வெளியே இருந்து பார்த்தா புள்ளி, உள்ளே இருந்து அளந்தா நம்ம அளவேதான். சாண்டர்ங்கிற வார்த்தைக்குள்ள 'சாண்' ஒளிஞ்சிருக்கிறது தற்செயல்தான், கோனிக்குக்குத் தமிழ் தெரிஞ்சிருக்க வாய்ப்பில்லை. ஆனா ஞாபகம் வச்சுக்க வசதியா இருக்கு.

பேச்சுல பயன்படுத்தணும்னா இது பெயர்ச்சொல். 'எனக்கு இன்னிக்கு ஜங்ஷன்ல செம்ம சாண்டர்'னு சொல்லலாம். எழுத்தைப் பார்த்துட்டு 'சோண்டர்'னு படிக்கிறவங்களும் இருக்காங்க. 'பாண்டர்'னு வர்ற ஆங்கிலச் சொல்லோட எதுகையா 'சாண்டர்'னு உச்சரிக்கிறதுதான் சரி. கூகுள்ல தேடும்போது sonder meaning-னு போடுங்க. வெறும் பேரை மட்டும் போட்டா, பாட்டு ஆல்பங்களும் கலந்து வரலாம்.